சோப்புப் போட்டுத் துருப்பிடித்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை மறுபடியும் பழக்குதல்

கேள்வி: பன்னிரண்டு வருடமாகப் புழங்கும் வார்ப்பிரும்புத் தோசைக்கல். நான் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் சோப்பும் கம்பிநாரும் போட்டுத் தேய்த்து, ஈரப் பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்துவிட்டார்கள். வந்து பார்த்தால் நடுவில் செம்பழுப்பாகத் துரு. எண்ணெய் தடவித் தோசை வார்த்தேன். ஒட்டிக்கொண்டு பிய்கிறது, அடியில் பழுப்பு நிறமும் ஏறுகிறது. கல்லைத் தூக்கிப் போட வேண்டுமா, திரும்பப் பழக்க முடியுமா?

பதில்:

தூக்கிப் போட வேண்டாம். வார்ப்பிரும்புக் கல்லைக் கைவிட வேண்டிய நிலை என்றால் அது விரிசல் ஒன்றுதான். கல்லைக் கைப்பிடியில் பிடித்துத் தொங்கவிட்டு, விளிம்பில் ஒரு கரண்டியால் தட்டிப் பாருங்கள். ஓசை மணியைப் போலச் சற்று நேரம் நின்று அடங்கினால் கல் நன்றாக இருக்கிறது. ‘டப்’ என்று உடனே செத்துவிட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நீங்கள் சொல்வது மேலோடு படிந்த துரு. ஓர் அரை நாள் ஒதுக்கினால் அது சரியாகிவிடும். ஆனால் துருவின் மேலேயே எண்ணெய் தடவித் தோசை வார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எண்ணெய் இரும்பைப் பிடிக்காமல் துருவைப் பிடித்துக்கொள்கிறது. துருவோ இரும்பிலிருந்து பொடியாக உதிரக்கூடியது. அதனால் மேலே எத்தனை முறை பழக்கினாலும் அந்தப் படலம் துருவோடு சேர்ந்து தோசையின் அடியில் வந்துவிடும்.

பழகிய கல்லின் கருமை எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் தானாக விளங்கும். அது வெறும் எண்ணெய்ப் பிசுக்கன்று, கரியும் அன்று. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு நல்ல சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான பாலிமர் படலமாக மாறுகின்றன. வார்ப்பிரும்பின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைய உண்டு. படலம் அந்தப் பள்ளங்களில் வேர் பிடித்ததுபோல் நின்றுகொள்கிறது. மாவு இரும்பைத் தொடாமல் காப்பதும், ஈரம் இரும்பைத் தொடாமல் காப்பதும் இதே படலம்தான். தோசை ஒட்டுவதும் துரு பிடிப்பதும் உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

சோப்பின் மேல் முழுப் பழியையும் போடுவது சரியல்ல என்பது என் கருத்து. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான நாரால் கழுவி, உடனே துடைத்தால் நன்கு இறுகிய படலத்துக்கு ஒன்றும் ஆகாது. நம் வீடுகளில் நடப்பது வேறு. கட்டிச் சோப்பில் காரத்தன்மையுள்ள சோடாவும், தேய்ப்பதற்கான பொடியும் கலந்திருக்கும். அதோடு கம்பிநாரும் சேர்ந்தால் படலம் சுரண்டப்பட்டு இரும்பு வெளியே தெரிகிறது. அதன் பிறகு கல்லை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால், அடியில் அடைபட்ட ஈரம் போக வழியில்லாமல் இரவு முழுவதும் இரும்போடு இருக்கிறது. படலத்தைப் பெயர்த்தது தேய்ப்பு, துருவைக் கொண்டுவந்தது தேங்கிய ஈரம். உணவகங்களில் தோசை மாஸ்டர் சுடு கல்லின் மேல் நீரைத் தெளித்து ஈர்க்குமாற்றால் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுவதும் நீர் பட்டும் அந்தக் கல் துருப்பிடிப்பதில்லை, ஏனென்றால் தெளித்த நீர் அடுத்த நொடியே ஆவியாகிவிடுகிறது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் துரு முழுவதும் போக வேண்டும். கல் காய்ந்திருக்கும்போதே, கல்லுப்பு இரண்டு மேசைக்கரண்டியும் சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியும் அதன் மேல் போட்டு, கம்பிநாரால் வட்டமாக அழுத்தித் தேய்க்கத் தொடங்குங்கள். உப்பின் கரகரப்பு துருவை அரைத்துவிடும். எண்ணெய் அந்தப் பொடி பறக்காமல் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பழந்துணியால் வழித்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். வழித்த துணியில் செம்பழுப்பு தெரிந்தால் துரு இன்னும் இருக்கிறது. கருமையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் அது பழைய படலத்தின் கரி, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உப்புக்கு அசையாத இடங்களுக்கு வன்பொருள் கடையில் கிடைக்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தலாம். 120 எண் தாளால் துருவை எடுத்துவிட்டு, 220 எண் தாளால் அந்த இடத்தைச் சமன் செய்தால் போதும். அதைவிட நயமான தாளால் பளபளவென்று இழைத்துவிட்டால் எண்ணெய் பிடித்துக்கொள்ள இடமின்றிப் போகும்.

நடுவில் இருக்கும் துருவை மட்டும் பார்த்துவிட்டு விளிம்பை விட்டுவிடாதீர்கள். பழைய கல்லின் விளிம்பை ஒட்டி, பல வருட எண்ணெய் தீய்ந்து தடித்த பொருக்காக நிற்கும். பலர் அதையும் நல்ல பழக்கம் என்று நினைத்துக் காப்பாற்றுகிறார்கள். அது பழக்கமன்று, அதன் அடியில் ஈரம் நுழைந்து துரு ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. தோசைத்திருப்பியின் முனையால் நெம்பிப் பார்த்து, பெயரும் பொருக்கையெல்லாம் பெயர்த்துவிடுங்கள். அசையாமல் வழவழப்பாக ஒட்டியிருக்கும் கருமையை அப்படியே விடலாம். கல் முழுவதையும் வெறும் இரும்பாக்க வேண்டிய அவசியம் இல்லை.

இத்தனைக்கும் போகாத தடித்த துருவுக்குப் புளிப்பு உதவும். வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, துணியை அதில் நனைத்துத் துரு உள்ள இடத்தின் மேல் மட்டும் இருபது நிமிடம் போட்டு வைத்தால் துரு இளகிவிடும். பிறகு தேய்த்தால் வந்துவிடும். வினிகர் இல்லாத வீட்டில் கெட்டியாகக் கரைத்த புளியைப் பூசி வைக்கலாம். ஆனால் இரவு முழுவதும் ஊறவைக்கக் கூடாது, ஏனென்றால் துருவைத் தின்று முடித்த அமிலம் அடுத்ததாக இரும்பையே தின்னத் தொடங்கும். பரப்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். புதுக் கல்லை அரிசி கழுவிய நீரில் மூன்று நாள் ஊறவைக்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நீர் புளிக்கப் புளிக்க, பட்டறையிலிருந்து வந்த அழுக்கையும் மேல்துருவையும் அது இளக்கிவிடும் என்பதால் புதுக் கல்லுக்கு அதில் பொருள் உண்டு. எனினும் கழுநீரால் கல் பழகுவதில்லை, பழக்குவது எண்ணெயும் சூடும்தான். ஏற்கெனவே துருப்பிடித்த கல்லை மறுபடி மூன்று நாள் நீரில் போடுவதை நான் சொல்ல மாட்டேன். கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் துருவுக்கு ஊற்றும் யோசனை யாரேனும் சொன்னால் அதைக் கேட்கவே வேண்டாம். அது உணவு சமைக்கும் பாத்திரம்.

துரு போனபின் கல்லை ஒரு முறை நன்றாகக் கழுவ வேண்டும். இந்த ஒரு தடவை பாத்திரம் கழுவும் திரவத்தையே பயன்படுத்துங்கள். துருப்பொடியும் உப்பும் புளிப்பும் மிச்சமின்றிப் போக வேண்டும். இதற்குப் பிறகு வரும் ஐந்து நிமிடம்தான் மிகவும் முக்கியமானது. வெறும் இரும்பு நீர் பட்டுக் காற்றில் நின்றால், கண் எதிரேயே மெல்லிய ஆரஞ்சு நிறம் படரத் தொடங்கும். ஆகவே கழுவுவதற்கு முன்பே உலர்ந்த துணி, எண்ணெய், அடுப்பு மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு, கழுவியதும் துடைத்து நேராகச் சிறு தீயில் ஏற்றிவிடுங்கள். கைப்பிடி இணையும் மூலையிலும் அடிப்பக்கத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும்; ஆறேழு நிமிடமாவது சூடு ஏறட்டும். எடுத்தவுடன் பெருந்தீ வைக்க வேண்டாம். கனமான வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடேறினால் விரிசல் விடக்கூடும்; இண்டக்‌ஷன் அடுப்பில் இந்த அபாயம் கூடுதல் என்பதால், பழக்கும் வேலையை எரிவாயு அடுப்பிலேயே செய்வது நல்லது.

எண்ணெய் எது என்று கேட்பீர்கள். எளிதில் படலமாக மாறும் எண்ணெய் வேண்டும், அதற்கு நிறைவுறாக் கொழுப்பு மிகுந்திருக்க வேண்டும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது; நல்லெண்ணெயும் தலைமுறை தலைமுறையாகத் தன்னை நிரூபித்த எண்ணெய். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் நிறைவுற்ற கொழுப்பே பெரும்பகுதி என்பதால், அவை இறுகாமல் பிசுக்காக நிற்கும். ஆளி விதை எண்ணெய் மிகக் கடினமான படலம் தரும் என்று சிலர் தேடி வாங்குகிறார்கள். அது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிடுகிறது என்பது பலரின் அனுபவம். வீட்டில் இருப்பதை வைத்தே செய்யுங்கள்.

சூடான கல்லில், பன்னிரண்டு அங்குலக் கல்லுக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும். அதைப் பருத்தித் துணியால் மேற்புறம், விளிம்பு, அடிப்புறம், கைப்பிடி எல்லா இடத்திலும் பூசுங்கள். கை சுடாமல் இருக்கத் துணியை இடுக்கியில் பிடித்துக்கொள்வது நல்லது. பிறகு வேறொரு உலர்ந்த துணியை எடுத்து, தெரியாமல் எண்ணெய் கொட்டிவிட்டதைத் துடைப்பதுபோல, பூசியதையெல்லாம் அழுத்தித் துடைத்து எடுத்துவிடுங்கள். கல் ஈரப்பளபளப்பின்றி மங்கலாகத் தெரிய வேண்டும். ‘எல்லாவற்றையும் துடைத்துவிட்டோமே, இனி எது பழகும்’ என்று தோன்றும். பள்ளங்களில் மிஞ்சிய எண்ணெயே ஒரு சுற்றுக்குத் தேவையான அளவு. இந்த இடத்தில்தான் மிகப் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சீக்கிரம் பழகட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக விட்டால் மேலே மட்டும் தோல் கட்டி அடியில் பிசினாக நிற்கிறது, அல்லது முத்து முத்தாகத் திரண்டு பழுப்புப் பொட்டுகளாக உறைந்துவிடுகிறது.

துடைத்தபின் தீயை நடுத்தரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சில நிமிடங்களில் மெல்லிய புகை எழும். அதைக் கண்டு பயந்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். படலம் உருவாகும் நேரம் அதுதான். சன்னல்களைத் திறந்துவிட்டு, அருகிலேயே நின்றுகொண்டு, புகை தானாகக் குறைந்து அடங்கும்வரை, ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நிமிடம், சூட்டை விடாமல் வைத்திருங்கள். எரிவாயு அடுப்பின் தீ வளையமாக எரிவதால் அந்த வளையத்தின் மேல் உள்ள பகுதி மட்டும் கறுத்து, விளிம்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆகையால் நடுப்பகுதி புகைந்து அடங்கியதும் கல்லை ஒரு பக்கமாகத் தள்ளி, விளிம்பு தீயின் மேல் வருமாறு வைத்து, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே வர வேண்டும். பிறகு அணைத்து, கைபொறுக்கும் சூட்டுக்குத் தானாக ஆறவிட்டு, இதே வேலையை மீண்டும் செய்யுங்கள். முதல் சுற்றில் சாம்பல் நிற இரும்பு வைக்கோல் நிறமாகும், அடுத்தடுத்த சுற்றுகளில் வெண்கல நிறமும் பழுப்பும் வந்து, ஐந்தாவது ஆறாவது சுற்றில் கருமை தட்டும். நடுவில் திட்டுத் திட்டாக நிறம் மாறித் தெரிந்தால் அது குற்றமன்று. தினமும் தோசை வார்க்க வார்க்க ஒன்றுபோலாகிவிடும்.

சென்னையில் என் அக்கா வீட்டுக் கல்லுக்குச் சென்ற ஐப்பசி மழையில் இதே நிலை வந்தது. பன்னிரண்டு அங்குலக் கல், நடுவில் ஒரு கையகலத்துக்குத் துரு, விளிம்பில் பழைய பொருக்கு. மதியம் இரண்டு மணிக்கு உப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினோம். இருபத்தைந்து நிமிடத்தில் பெரும்பகுதி போய்விட்டது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓரிடம் மட்டும் அசையவில்லை. வினிகர்த் துணியை இருபது நிமிடம் போட்டு உப்புத்தாளால் தேய்த்தபோது அதுவும் வந்தது, அங்கே ஊசிமுனைக் குழிகள் நாலைந்து இருந்தன. கழுவி, துடைத்து, அடுப்பில் ஏற்றும்போது மூன்றரை மணி. முதல் இரண்டு சுற்றும் நன்றாக வந்தன. மூன்றாவது சுற்றில் அக்கா, ‘நீ ரொம்பக் கஞ்சத்தனமாகத் துடைக்கிறாய்’ என்று சொல்லிக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் விட்டார். ஆறியதும் விளிம்பில் ஒரு பக்கம் விரல் வைத்தால் ஒட்டியது. அதன் மேல் இன்னொரு பூச்சு போடாமல், அந்த விளிம்பை மட்டும் தீயின் மேல் வைத்து எட்டு நிமிடம் காய்ச்சியபோது பிசுபிசுப்புப் போய் இறுகிவிட்டது. அப்படி இறுகாமல் இருந்திருந்தால், அந்த இடத்தைக் கம்பிநாரால் தேய்த்து எடுத்துவிட்டு அங்கே மட்டும் முதலிலிருந்து பழக்கியிருக்க வேண்டும். ஐந்து சுற்று முடிந்தபோது மணி ஆறரை. உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம், துணியில் செம்பழுப்பு இல்லை. விரலால் தொட்டால் வழவழப்பு இருந்தது, ஒட்டல் இல்லை. இந்த இரண்டும் இருந்தால் கல் தயார்.

ஆனாலும் மறுநாள் காலையிலேயே அந்தக் கல்லில் மெல்லிய தோசையை எதிர்பார்க்கக் கூடாது. புளித்த தோசைமாவு அமிலத்தன்மை உடையது. இளம் படலத்தை அது அரிக்கும். முதலில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, தாராளமாக எண்ணெய் விட்டுக் கல் முழுவதும் பரப்பிப் பொன்னிறமாக வதக்குங்கள். அடுத்த மூன்று நான்கு நாட்களுக்கு அடையும் ஊத்தப்பமும் வார்க்கலாம். மாவு அதிகம் புளிக்காமல் இருக்கட்டும், சுற்றிலும் எண்ணெய் விடுவதில் சிக்கனம் வேண்டாம். தக்காளி, புளி சேர்ந்த எதையும் சில வாரங்களுக்கு அதில் வதக்காதீர்கள். அக்கா வீட்டில் முதல் ஊத்தப்பம் அந்தக் குழிகள் இருந்த இடத்தில் ஒட்டியது, மூன்றாவது தானாக எழும்பி வந்தது; மெல்லிய தோசை நான்காம் நாள் வந்தது.

அப்போது தோசை சரியாக வராவிட்டால், கல் பழகவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கோளாறுகள். மாவை ஊற்றிக் கரண்டியால் இழுக்கும்போதே அது கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. நீர் தெளித்து, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் தேய்த்து, தீயைக் குறைத்துவிட்டு வார்க்க வேண்டும். மாவு நன்றாகப் பரவி, வெந்தபின் ஓர் இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு பிய்ந்தால் அந்த இடத்தில் படலம் இல்லை. ஒவ்வொரு தோசையும் அதே இடத்தில் ஒட்டுவதே இதற்கு அடையாளம். கல் முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டியதில்லை; அந்த இடத்தில் இரண்டு மூன்று சுற்று எண்ணெய் காய்ச்சினால் போதும்.

இனிமேல் கழுவும் முறையைப் பற்றி. வேலை முடிந்ததும் கல் சூடாக இருக்கும்போதே தோசைத்திருப்பியால் சுரண்டி, துணியால் துடைத்தால் பெரும்பாலான நாட்களில் அதுவே போதும். ஏதேனும் ஒட்டியிருந்தால் சற்று ஆறியபின் வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். கொதிக்கும் கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டக் கூடாது. முட்டை வாடை போன்ற காரணத்தால் சோப்பு வேண்டியிருந்தால் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, ஊறவைக்காமல் உடனே அலசிவிடுங்கள். எப்படிக் கழுவினாலும் இரண்டு மூன்று நிமிடம் அடுப்பில் காயவைத்து, சூடு தணியுமுன் நாலைந்து சொட்டு எண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, பாத்திரக் கூடையில் கவிழ்க்காமல், காற்றுப் படும் இடத்தில் சுவரோடு சாய்த்து நிறுத்தி வையுங்கள். ஊருக்குப் போகும் நாட்களில் எண்ணெயைத் தடிமனாகப் பூசிவிட்டுப் போக வேண்டாம், திரும்பி வரும்போது காறல் வாடை அடிக்கும். மெல்லப் பூசி, செய்தித்தாளில் சுற்றி, மற்ற பாத்திரங்களோடு கலவாமல் அலமாரியில் தனியாக வைத்துவிட்டால், வீட்டில் யாரும் அதைத் தொட்டியில் போடவும் வழியிருக்காது.